கறுப்பு டை போனபின் தெரியும் ஆரஞ்சு

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் சித்தி மகள் வெகுநாளாகச் செம்பழுப்பு டை போட்டுவந்தாள். அண்ணன் கல்யாணத்துக்காக அதன் மேலேயே கறுப்பு போட்டாள். அப்புறம் கறுப்பு பிடிக்காமல் கலர் ரிமூவர் வாங்கித் தடவினாள். கறுப்பு போனது. ஆனால் முடி வேரருகே கரும்பழுப்பு, நடுவில் செம்பு, நுனியில் ஆரஞ்சு என்று மூன்று பட்டையாக நின்றது. அவள் ரிமூவரைத்தான் திட்டினாள். அந்த ஆரஞ்சோ கறுப்புக்கு அடியில் முன்பிருந்தே இருந்தது.

நிரந்தர டையின் நிறம் முடிக்குள்ளேதான் உருவாகிறது. அம்மோனியா முடியின் மேல் செதில்களைத் தளர்த்த, நிறமற்ற சின்ன மூலக்கூறுகள் உள்ளே நுழைகின்றன. பெராக்சைடு அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக்குகிறது. அவை எளிதில் வெளியே வர முடியாது. அதே பெராக்சைடு முடியின் சொந்த நிறமான மெலனினையும் கொஞ்சம் அழிக்கிறது. நுனிமுடி பலமுறை டை பட்டது, அதனால் அங்கே இழப்பும் அதிகம்.

ரிமூவரில் இருப்பது கந்தகச் சேர்மம். அழுகிய முட்டை வாடை அதனால்தான். அது நிற மூலக்கூறுகளை உடைத்து நிறமிழக்கச் செய்கிறது. மெலனினை அது தொடுவதில்லை. போன மெலனினைத் திருப்பித் தரவும் அதனால் ஆகாது. மருதாணிச் சாயத்திடமும் அது பெரும்பாலும் தோற்றுவிடும்.

உடைந்த துண்டுகள் முழுசாகக் கழுவப்படாமல் உள்ளே தங்கினால், காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றை மறுபடி சேர்த்துவிடும். ஓரிரு நாளில் முடி திரும்பக் கருக்கும். அதனால் பெட்டியில் சொன்ன நேரம் முழுவதும் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். ஒரு கொத்து முடியில் கொஞ்சம் பெராக்சைடு தடவிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கருத்தால் உள்ளே சாயம் பாக்கி, இன்னும் அலச வேண்டும்.

ப்ளீச் வேறு வழியில் போகிறது. பெர்சல்பேட் தூளும் பெராக்சைடும் சேர்ந்து சாயத்தையும் மெலனினையும் ஒன்றாகவே அழிக்கின்றன. கூடவே முடிப் புரதத்தைக் கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்புகள் பல அறுகின்றன, மேலே இருக்கும் கொழுப்புப் படலமும் கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது முதலில் சிவப்பு, பிறகு ஆரஞ்சு, கடைசியில் மஞ்சள். அந்த முடி தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சும். ஈரமாக இருக்கும்போது மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீண்டு, திரும்பச் சுருங்காமல் நின்றால் சேதம் ஆழமானது. அதற்குமேல் ப்ளீச் போடக் கூடாது.

சித்தி மகளுக்கு ப்ளீச் தேவைப்படவில்லை. நடுவுக்கும் நுனிக்கும் வேரோடு ஒத்துப்போகும் நிறம் கொடுத்தால் போதும் என்றேன். ஒரு வாரம் விட்டு, அம்மோனியா இல்லாத பழுப்பு டையை, வேண்டிய நிறத்தைவிட இரண்டு படி வெளிறியதாகத் தேர்ந்து அங்கே மட்டும் தடவினாள். ரிமூவர் கண்ட முடியில் புதுச் சாயம் எதிர்பார்ப்பதைவிடக் கறுப்பாகவே பிடிக்கும்.