ஒற்றைத் தொகையில் எஸ்டிமேட் வேண்டாம்: வீட்டுச் செலவை வீச்சாகக் கணிக்கும் முறை

கடலூரில் வீடு கட்டிக் கொடுக்கும் சிறு ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் சதுர அடி ரேட்டை வைத்தே தொகை சொல்கிறார்கள். 1,600 சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்தால் 32 லட்சம். கெடிலம் ஆற்றங்கரைப் பகுதியில் அப்படிப்பட்ட ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அஸ்திவாரத்துக்குப் பெரும்பாலும் 5 லட்சம் ஆகும். குறைந்தது 4 லட்சம். பள்ளத்தில் ஊற்று எடுத்து, மோட்டார் ஓய்வின்றி ஓடி, ஓரம் சரிந்தால் 9 லட்சம் வரை போகும். இதேபோல் குறைந்தது, பெரும்பாலும், உச்சம் என்ற வரிசையில் சிமென்ட், கம்பி, எம்-சாண்ட் போன்ற பொருள்களுக்கு 11, 12, 15. கூலிக்கு 7, 8, 11. பூச்சு முதலான முடிப்பு வேலைகளுக்கு 6, 7, 10 லட்சம் என்று கொள்வோம். நடு எண்களைக் கூட்டினால் அதே 32 லட்சம்தான் வருகிறது.

இனி ஒவ்வோர் இனத்துக்கும் எக்செலில் தற்செயல் எண் ஒன்றை எடுத்து, அதைச் செலவாக மாற்ற வேண்டும். A2 கட்டத்தில் `=RAND()` இருந்தால், அஸ்திவாரத்துக்கான சூத்திரம் இது:

```
=IF(A2<0.2, 4+SQRT(A2*5), 9-SQRT((1-A2)*20))
```

இங்கே குறைந்த எண்ணிலிருந்து நடு எண் வரை 1, நடு எண்ணிலிருந்து உச்சம் வரை 4, முழு வீச்சு 5. 0.2 என்பது 1-ஐ 5-ஆல் வகுத்தது; 5 என்பது 1-ஐ 5-ஆல் பெருக்கியது; 20 என்பது 4-ஐ 5-ஆல் பெருக்கியது. மற்ற இனங்களுக்கும் அவற்றின் எண்களைக் கொண்டு, தனித்தனி தற்செயல் எண்ணோடு இதேபோல் எழுத வேண்டும். நான்கு இனங்களின் கூட்டுத்தொகையை 5,000 வரிசைகளுக்கு இழுத்துவிட்டு `PERCENTILE` கொண்டு 0.1, 0.9 ஆகிய இரு இடங்களில் பார்த்தால், பத்தில் எட்டு முறை செலவு 32.7 லட்சத்துக்கும் 37.4 லட்சத்துக்கும் இடையில் விழும். ஒப்பந்தத்தில் எழுதும் 32 லட்சத்துக்குள் வேலை முடிவது நூற்றில் நான்கைந்து முறைதான், ஏனெனில் எந்த இனமும் குறைவதற்கு இருக்கும் இடத்தைவிட ஏறுவதற்கு இருக்கும் இடமே அதிகம்.

ஆனால் இந்த வீச்சும் உண்மையைவிடக் குறுகியதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் பள்ளம் நிரம்பும்போது அஸ்திவாரச் செலவு ஏறுவதோடு, மேஸ்திரியின் ஆட்கள் வேலையின்றி நிற்பதால் கூலியும் ஏறுகிறது. தனித்தனி தற்செயல் எண்கள் இந்தத் தொடர்பை மறைத்துவிடும். அஸ்திவாரத்துக்கும் கூலிக்கும் ஒரே தற்செயல் எண்ணைக் கொடுத்தால் வீச்சு ஏறக்குறைய 32 முதல் 38 லட்சம் வரை விரிகிறது. இரண்டும் முழுக்க ஒன்றாகவே ஏறி இறங்கும் என்பது சற்று மிகையான அனுமானம்தான். இருந்தும் தொகை பேசும்போது நான் இதையே பயன்படுத்துவேன்.

எக்செல் எத்தனை ஆயிரம் முறை ஓடினாலும், நாம் கொடுத்த உச்ச எண் தவறென்றால் விடையும் தவறுதான். ஒப்பந்ததாரரிடம் உச்சம் எவ்வளவு என்று கேட்டால் நடு எண்ணோடு கொஞ்சம் கூட்டிச் சொல்வார். ஆகவே, மழைக்காலத்தில் அவர் முடித்த வேலைகளின் பழைய பில்களைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நல்லது.

நான்கில் அதிகமாக அலைவது அஸ்திவாரம் என்பதால், கையெழுத்துக்கு முன் மனையில் ஒரு சோதனைக் குழி வெட்டச் சொல்கிறேன். மண் கெட்டியாகவும் ஊற்று ஆழத்திலும் இருப்பது தெரிந்து, அஸ்திவாரத்தின் உச்சத்தை 9 லட்சத்திலிருந்து 6.5 லட்சமாகக் குறைக்க முடிந்தால், 38 லட்சமாக இருந்த மேல் எல்லை ஏறக்குறைய 36.5 லட்சத்துக்கு இறங்குகிறது. குழியில் தண்ணீர் நின்றால், அஸ்திவாரத்தை மொத்தத் தொகையில் சேர்க்காமல், அளந்து பணம் கொடுக்கும் தனி இனமாக எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நியாயம்.