வயிறு நிறைந்த பிறகும் விடாத பசி

1945-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், 36 ஆரோக்கியமான இளைஞர்களின் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். தினமும் சுமார் 1,570 கலோரி, 24 வாரம். உடல் எடையில் கால்வாசி போய்விட்டது. தட்டை நக்கிச் சுத்தம் செய்தார்கள், சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போலப் படித்தார்கள்.

அதைவிட என்னை யோசிக்க வைப்பது அப்புறம் நடந்ததுதான். கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு, வயிற்றில் இடமே இல்லாத அளவுக்குச் சாப்பிட்டும் சிலருக்குப் பசி அடங்கவில்லை.

பட்டினி டயட்டை முடித்துவிட்டு, இரவுச் சாப்பாடு ஆன அரை மணி நேரத்தில் மிக்சர் டப்பாவைத் திறக்கிறவருக்கும் நடப்பது இதுதான். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் மூளைக்கு வேறு கணக்கு.

கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ‘சேமிப்பு இருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்வது அதுதான். கடுமையாகச் சாப்பாட்டைக் குறைத்தால், கொழுப்பு குறைந்த அளவைவிட வேகமாக லெப்டின் விழுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. சாப்பிட்டதும் ‘போதும்’ என்று சொல்லும் குடல் ஹார்மோன்களும் மந்தமாகின்றன. அதனால் ஒரு வேளைச் சாப்பாடு முன்புபோல நெடுநேரம் தாங்குவதில்லை. கை நொறுக்குத் தீனியைத் தேடுகிறது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 வாரம் கடும் டயட் இருந்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் இந்த மாற்றங்கள் சரியாகவில்லை.

இந்தப் பசி எவ்வளவு பெரியது? குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்குச் சுமார் 100 கலோரி கூடுதலாகச் சாப்பிடத் தோன்றும் என்று ஒரு கணிப்பு உண்டு. ஆறு கிலோ குறைத்தவருக்கு அது 600 கலோரி, அதாவது கிட்டத்தட்ட நான்கு கைப்பிடி மிக்சர். தினமும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மனவுறுதி இல்லாததாக நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. மினசோட்டா எண்களைப் பிற்பாடு அலசியபோது, இழந்த தசை முழுவதும் திரும்பும்வரை பெரும்பசி நீடித்தது தெரிந்தது. ஆனால் தசையைவிடக் கொழுப்பு சீக்கிரம் சேர்கிறது. தசை மீண்டு முடிவதற்குள் கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. மினசோட்டா இளைஞர்கள் ஒல்லியானவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உடலில் கொழுப்பு நிறைய இருப்பவர்கள் இழக்கும் எடையில் தசையின் பங்கு குறைவு.

தராசில் பழைய எடை வந்தும் இடுப்பில் பேன்ட் முன்னைவிட இறுகினால், மாடிப்படி ஏறக் கால் சோர்ந்தால், தசை இன்னும் திரும்பவில்லை என்று சந்தேகிக்கலாம். அந்த நேரத்தில் இன்னொரு பட்டினி தொடங்கினால் மிச்சத் தசையும் கரையும். பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் புரதம் சேர்த்து, எடை தூக்கும் பயிற்சியும் செய்தால் தசை மீள்வதற்கு வழி கிடைக்கும்.