கீழ்வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால்: வாடகைதாரர் யாரிடம் எதைக் கேட்கலாம்?

தாமிரபரணி கரை புரண்டால் திருநெல்வேலியின் மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை ஆகிய பகுதிகளின் கீழ்த்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதை 2023 டிசம்பர் மழையில் கண்கூடாகப் பார்த்தோம். அத்தகைய வீட்டில் வாடகைக்கு இருப்பவர் முதலில் தெளிய வேண்டியது, இழப்பு இரண்டு வகைப்படும் என்பதே. சுவர், தரை, கூரை ஆகியவற்றின் சேதம் கட்டடத்தின் சேதம் என்பதால் அதற்கான உதவி வீட்டு உரிமையாளரைச் சேரும். துணிமணி, பாத்திரம், தட்டுமுட்டுச் சாமான்களின் இழப்பு அங்கே குடியிருக்கும் குடும்பத்துடையது. ஆகவே உரிமையாளர் மனுக் கொடுத்துவிட்டார் என்று வாடகைதாரர் சும்மா இருந்துவிடக் கூடாது.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்துக்கான விதிமுறைப்படி, வீடு அடித்துச் செல்லப்பட்டாலோ, முழுமையாக இடிந்தாலோ, இரண்டு நாளுக்கு மேல் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலோ, குடும்பத்துக்குத் துணிக்காக 2,500 ரூபாயும் பாத்திரங்கள், வீட்டுப் பொருட்களுக்காக 2,500 ரூபாயும் வழங்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் விலையும் கட்டிலின் விலையும் இதில் கணக்கில் வராது; இது இழப்பீடு அன்று, உடனடி உதவி மட்டுமே. பெருவெள்ளங்களின்போது மாநில அரசு தனியாகவும் தொகை அறிவிப்பதுண்டு. 2023 டிசம்பரில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் 6,000 ரூபாயும் மற்ற இடங்களில் 1,000 ரூபாயும் குடும்ப அட்டை அடிப்படையில் ரேஷன் கடை வழியாக வழங்கப்பட்டன. ஒரு மழைக்கு அறிவித்த தொகை அடுத்த மழைக்குத் தானாகப் பொருந்தாது. அட்டையில் பழைய ஊர் முகவரியே இருக்கும் வாடகைக் குடும்பங்கள் சிக்கிக்கொள்வதும் இந்தக் குடும்ப அட்டை அடிப்படையில்தான். முகவரி மாற்றத்தை மழைக்காலத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

இரண்டு நாள் என்ற அந்த வரம்புதான் பலரையும் தடுக்கிவிடுகிறது. தண்ணீர் வடிந்து, சேறும் கழுவப்பட்டபின் வரும் கிராம நிர்வாக அலுவலருக்கு, எத்தனை நாள் நின்றது என்பதைச் சுவர் சொல்லாது. எனவே தண்ணீர் புகுந்த அன்றே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்குத் தெரிவித்து, அழைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் நுழையுமுன் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதிசெய்துகொண்டு, வாசல் நிலையில் தண்ணீரின் மட்டத்தைக் கரித்துண்டால் கோடிட்டு, மின் இணைப்பு எண் தெரியும்படி மீட்டர் பெட்டியையும் சேர்த்துப் படமெடுத்தால், எந்த வீடு என்ற கேள்வி எழாது. காலையும் மாலையும் அதே கோட்டருகே படமெடுத்து வந்தால் நாள்கணக்கும் தானே நிற்கும். தங்க இடமில்லாதவர்கள், எந்தப் பள்ளியில் அல்லது மண்டபத்தில் நிவாரண முகாம் திறந்திருக்கிறது என்பதையும் அதே அழைப்பில் கேட்கலாம். முகாமில் உணவும் மருத்துவமும் உண்டு; அங்கே பெயரைப் பதிவுசெய்வது, வீடு குடியிருக்கத் தகாமல் இருந்ததற்குப் பின்னால் ஆதாரமாகவும் பயன்படும்.

எடுத்துக்காட்டாக, மாதம் 7,000 ரூபாய் வாடகையில் மீனாட்சிபுரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். ஞாயிறு இரவு புகுந்த தண்ணீர் புதன் காலையில்தான் வடிகிறது. இரண்டு நாள் தாண்டிவிட்டதால், குடும்பத் தலைவர் ஆதார், குடும்ப அட்டை, வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களையும் படங்களையும் இணைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தம் பெயரிலேயே மனுக் கொடுத்து, ஒப்புகையும் வாங்கிக்கொள்கிறார். அங்கே அசைவில்லையென்றால் வட்டாட்சியரிடமும், திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்திலும் அதையே கொடுக்கலாம்.

இனி வீட்டு உரிமையாளர். நனைந்துபோன ஒயரிங்கை மாற்ற 5,600 ரூபாய் ஆகும் என்று எலக்ட்ரீசியன் சொல்கிறார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் மின் ஒயரிங், கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. சாக்கடை அடைப்பு நீக்குவது, சுவிட்ச் மாற்றுவது போன்றவை வாடகைதாரருடையவை. எழுதிக் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், வாடகைதாரரே செய்து வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்க முடியாது. அப்படியானால் இவர் முதல் மாதம் 3,500, அடுத்த மாதம் 2,100 என்று கழிக்க வேண்டியிருக்கும். பழுது பார்க்காமல் குடியிருக்கவே இயலாத நிலையில், எழுத்து மூலம் கேட்டும் உரிமையாளர் மறுத்தால், 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து வீட்டை விட்டுவிடலாம்.

வெளியே தங்கிய நாள்களின் வாடகை தானாகத் தள்ளுபடி ஆவதில்லை. சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போனாலோதான் குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமையை வாடகைதாரருக்குக் கொடுக்கிறது. மூன்று நாள் தண்ணீர் நின்றது அதற்குள் வராது. எனவே தள்ளுபடியை உரிமையாளரிடம் பேசித்தான் வாங்க வேண்டும். "பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்ற வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடாமல், எத்தனை நாளுக்கு எவ்வளவு என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். உறவினர் வீட்டுக்கோ வேறு அறைக்கோ தற்காலிகமாக மாறுபவர்கள், வீட்டைக் காலிசெய்யவில்லை, பழுது முடிந்ததும் திரும்பி வருவோம் என்று தேதியிட்டு உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டுப் போவது அவசியம். சாவியையும் சும்மா கொடுத்துவிட்டுப் போனால், வீட்டைத் திருப்பி ஒப்படைத்துவிட்டதாக அவர் பின்னால் சொல்ல இடம் உண்டு.