அலுவலக மெயிலை ஆதாரமாகச் சேர்த்து வைப்பவர்களுக்கு

வேலைத் தகராறுகளில் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பலர், "எல்லா மெயிலையும் என் சொந்த ஐடிக்கு ஃபார்வர்ட் பண்ணி வெச்சிட்டேன் சார்" என்று நிம்மதியோடு சொல்வார்கள். எனக்கோ அங்கேதான் கவலை தொடங்கும்.

கணக்குப் பிரிவில் இருந்த ஒருவரின் கதை இது. மேலாளர் அவரை மெயிலிலேயே தரக்குறைவாகத் திட்டி வந்தார். புகார் உண்மையானது. வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், மேலாளரின் மெயில்களை ஒரே மாலையில் மொத்தமாகத் தன் முகவரிக்கு அனுப்பிக்கொண்டார். அதில் ஒன்று, சம்பளப் பட்டியலைத் திருத்தச் சொன்ன மெயில். திட்டு இரண்டே வரி. கூடவே இருந்த எக்ஸெல் கோப்பில் குழுவினர் அத்தனை பேரின் சம்பளமும் வங்கிக் கணக்கு எண்ணும் இருந்தன. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வெளி முகவரிக்குப் போகும் மெயில் நிறுவனத்தின் சர்வரில் பதிவாகும். மொத்தமாகப் போனால் எச்சரிக்கை எழுப்பும் மென்பொருளும் பல இடங்களில் உண்டு. இங்கே அதுதான் நடந்தது. மேலாளர் மீதான விசாரணை பின்னுக்குப் போனது. ரகசியத் தகவலை வெளியே கொண்டுபோனதாக இவருக்கே நோட்டீஸ் வந்தது. பயந்துபோய், அனுப்பியவற்றை சென்ட் பெட்டியிலிருந்து அழித்தார். சர்வர் பதிவு அப்படியே இருந்தது. அழித்த செயல் மட்டும் புதிதாகச் சேர்ந்து, எதையோ மறைக்கிறார் என்ற தோற்றத்தைத் தந்தது.

இவ்வளவுக்கும் அந்த நகல் வலுவான ஆதாரமும் அல்ல. ஃபார்வர்ட் செய்தால் உருவாவது புது மெயில். உள்ளே இருக்கும் பழைய வரிகளை அனுப்புகிறவர் திருத்தியிருக்கலாம் என்று எதிர்த்தரப்பு எளிதாகக் கேட்கும். அசல் எந்த சர்வர் வழியாக எப்போது வந்தது என்று காட்டும் தலைப்புத் தகவல்கள் அதில் பெரும்பாலும் வராது. அவை நிறுவனத்திடம் இருக்கும் அசலில்தான் இருக்கும்.

அதனால் அசலைக் காப்பாற்ற வைப்பதுதான் வழி. மெயில் வந்த தேதி, நேரம், அனுப்பியவர், யார் யாருக்கு நகல் போனது, உங்களை எப்படி நடத்தினார்கள் என்பதை அன்றன்றே உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள். வாடிக்கையாளர் விவரம், மற்றவர் சம்பளம் எதையும் அதில் எழுத வேண்டாம். பிறகு அந்தத் தேதிகளைக் குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, அந்த மெயில்களை அழிக்காமல் வைக்கும்படி கேளுங்கள். வழக்கானால் அவற்றைத் தாக்கல் செய்யச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். கேட்ட பிறகும் அழித்திருந்தால், பதில் சொல்ல வேண்டியது அவர்கள். திரையைப் போனில் படம் எடுப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். படத்தில் இருப்பது அதே ரகசியம்தான்.

உங்களுக்கென்றே தந்த நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு போன்றவை வேறு வகை. முறைகேட்டை அம்பலப்படுத்துகிறவர்களுக்குச் சில சட்டங்களில் பாதுகாப்பு உண்டு. ஆனால் எதை, யாரிடம் கொடுக்கலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள்.

சரி, ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது என்றால்? அழிக்காதீர்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். எதை, எப்போது அனுப்பினீர்கள் என்ற பட்டியலோடு முதலில் வழக்கறிஞரிடம் போங்கள். நிறுவனத்திடம் எதை, எப்படித் திருப்பி ஒப்படைப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.