ஓணத்துக்கு முன் போன ஒரு தாமத அறிவிப்பு: பிழைதிருத்துபவர் எதைப் பார்க்க வேண்டும்

திட்டம் தாமதமாகிறது என்று அறிவிக்கும் கடிதத்தை ஒரு குழுத் தலைவர் எழுதிப் பார்க்கக் கொடுத்தால், நான் எழுத்துப் பிழையைக் கடைசியில்தான் தேடுவேன். முதல் வாசிப்பில் என் கேள்வி ஒன்றுதான். இதைப் படிக்கிறவர் படித்து முடித்ததும் யாருக்குப் போன் செய்வார், என்ன கேட்பார்? அந்தக் கேள்விக்கான பதில் கடிதத்துக்குள்ளேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழிலேயே கணக்கு எழுதும் பால் சங்கங்கள் பல உண்டு. அப்படிச் சில சங்கங்களுக்கு ஒரு சிறிய மென்பொருள் குழு பட்டுவாடா மென்பொருள் செய்துகொண்டிருந்தது. காலையும் மாலையும் உறுப்பினர் ஊற்றும் பாலின் அளவும் கொழுப்பும் ஏற்கெனவே கணினியில் பதிவாகின்றன. பத்து நாளுக்கு ஒரு முறை போடும் பில் தொகையைச் செயலாளர் கையில் எண்ணிக் கொடுக்காமல், நேராக உறுப்பினரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவதுதான் புதிய வேலை. 2025 செப்டம்பர் 1 அன்று தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். முடியவில்லை. குழுத் தலைவர் எழுதிக் கொடுத்த வரைவு இது. அடையாளம் தெரியாமலிருக்க எண்ணிக்கைகளை மாற்றியிருக்கிறேன்.

"மதிப்பிற்குரிய செயலாளர்களுக்கு வணக்கம். எங்கள் குழு இரவு பகல் பாராமல் உழைத்து வருவது தாங்கள் அறிந்ததே. எனினும் சில தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களாலும், பல சங்கங்களிடமிருந்து சரியான விவரங்கள் கிடைக்காததாலும், வங்கி கோப்பை நிராகரித்ததாலும், செப்டம்பர் 1இல் தொடங்கவிருந்த நேரடிப் பட்டுவாடா சற்றுத் தள்ளிப்போகிறது. பெரும்பாலும் செப்டம்பர் 15 செவ்வாய்க்கிழமைக்குள் தொடங்கிவிடும் என நம்புகிறோம். இதனால் ஏற்பட்ட பெரும் சிரமத்துக்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கோருகிறோம். யாரும் பதற்றப்பட வேண்டாம்."

இலக்கணத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அந்த ஆண்டு திருவோணம் செப்டம்பர் 5, வெள்ளிக்கிழமை. ஆகஸ்ட் கடைசிப் பத்து நாள் பாலுக்கான பணத்தை வைத்துத்தான் பல வீடுகளில் ஓணத்துக்குத் துணி எடுப்பார்கள். "பட்டுவாடா தள்ளிப்போகிறது" என்ற சொற்களைச் செயலாளர் தகவல் பலகையில் ஒட்டினால், மாலைப் பால் கொண்டுவருகிற ஒவ்வொருவரும் ஓணத்துக்குப் பணம் வராதா என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வரைவில் பதிலே இல்லை. உண்மையில் பணம் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போவதில்லை. வங்கி வழி தயாராகும் வரை சங்கமே பழையபடி கையில் கொடுக்கும். தள்ளிப்போனது பணம் வரும் வழி மட்டும்தான். கடிதத்தின் முதல் வாக்கியம் இதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அடுத்தது காரணம். ஒரே வாக்கியத்தில் மூன்று காரணங்கள் அடுக்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அவை மூன்றும் தனித்தனியா, ஒன்றிலிருந்து ஒன்று வந்ததா என்று எழுதியவரிடமே கேட்க வேண்டும். நாமாக ஊகித்து எழுதிவிடக் கூடாது. ஓரத்தில் கேள்வியாகக் குறித்து அனுப்புவதுதான் முறை. நான் குறித்த கேள்விகள் இவை: என்றைக்குத் தெரிந்தது? எத்தனை பேர் கணக்கில்? வங்கி என்ன காரணம் காட்டித் திருப்பியது?

குழுத் தலைவர் போனில் பதில் சொன்னார். "அக்கா, ஆகஸ்ட் 18ஆம் தேதி சோதனைக் கோப்பு அனுப்பினோம். 2,140 உறுப்பினர்ல 312 பேரோட பதிவு திரும்பி வந்துடுச்சு. எல்லாமே ஐ.எஃப்.எஸ்.சி கோடு பிரச்சினைதான்."

அதன் பின்னணி இந்த வட்டாரத்துக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. 2019 நவம்பர் 29 அன்று மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் இணைந்து கேரள வங்கி வந்தது. திருவாங்கூர் வங்கியின் பழைய பாஸ்புக்கை மாற்றாத உறுப்பினர்களிடம் இன்னும் `SBTR` என்று தொடங்கும் கோடுதான் இருக்கிறது. இப்போது அங்கே `SBIN` என்று தொடங்கும் கோடு வேண்டும். கொஞ்சம் பேர் விஷயத்தில் வேறு பிழை. பதினொரு எழுத்துள்ள அந்தக் கோட்டில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம்தான் வரும். அங்கே ஆங்கில `O` எழுத்தைத் தட்டியிருந்தார்கள்.

இப்போது வரைவின் காரண வாக்கியத்தைத் திரும்பப் படித்தால் அது எங்கே தவறுகிறது என்று தெரியும். சங்கங்கள் "சரியான விவரம்" தராமல் இருக்கவில்லை. பாஸ்புக்கில் இருந்ததைத் தந்தார்கள். வங்கி செய்ததும் குற்றமில்லை, செல்லாத கோட்டை அது ஏற்க முடியாது. "தொழில்நுட்பக் காரணம்" என்று எழுதியது எதை என்று கேட்டபோது அவர் சற்றுத் தயங்கி, பதிவுத் திரை எந்தப் பதினொரு எழுத்தைத் தட்டினாலும் ஏற்றுக்கொள்ளும்படி இருந்தது, சரிபார்ப்பு வைக்கவில்லை என்றார். அதாவது குழுவின் பங்கு பொதுச் சொல்லுக்குள் மறைந்திருக்க, சங்கங்களின் பங்கு வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. படிக்கிற செயலாளருக்கு முதலில் உறுத்துவது அதுதான். அவர் பதிலுக்குக் கோபமாக ஒன்று எழுதுவார், பிறகு ஒரு வாரம் யார் தவறு என்ற பேச்சிலேயே போகும். திருத்த வேண்டிய 312 கோடுகள் அப்படியே கிடக்கும்.

குழுவின் குறையை ஒப்புக்கொள்ளும்படி பிழைதிருத்துபவர் கட்டாயப்படுத்த முடியாது, அது அவர்கள் முடிவு. ஆனால் உண்மைக்கு மாறாக அடுத்தவர் மேல் போகும் பழியை எடுத்துவிடச் சொல்லலாம், சொல்ல வேண்டும். இந்தக் குழுத் தலைவர் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்.

தேதிக்கு வருவோம். 2025 செப்டம்பர் 15 திங்கட்கிழமை, செவ்வாய் அல்ல. தேதியும் கிழமையும் சேர்ந்து வரும் இடமெல்லாம் காலண்டரைத் திறந்துதான் பார்க்க வேண்டும், மனக்கணக்குக்கு இங்கே இடமில்லை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒருவர் திங்களென்றும் இன்னொருவர் பதினாறென்றும் எடுத்துக்கொள்வார். "பெரும்பாலும்", "15க்குள்", "நம்புகிறோம்" என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் அங்கே தேதி என்று எதுவுமே மிஞ்சுவதில்லை.

கிழமைப் பிழையைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று இருந்தது. பட்டுவாடா 1 முதல் 10, 11 முதல் 20, 21 முதல் மாதக் கடைசி என்று மூன்று தவணையாக நடக்கிறது. 15ஆம் தேதி ஒரு தவணையின் நடுவில் விழுகிறது. மென்பொருள் அன்றைக்குத் தயாராகலாம், ஆனால் பால் ஊற்றுகிறவருக்கு அந்தத் தேதியில் எதுவும் நடக்காது. "செப்டம்பர் 1இல் தொடங்கும்" என்ற முதல் அறிவிப்பிலும் இதே மயக்கம் இருந்திருக்கிறது. அன்று முதல் ஊற்றும் பாலுக்கா, அன்று முதல் கொடுக்கும் பணத்துக்கா? விசாரித்ததில் இரண்டாவதுதான் என்றார்கள். அதனால் புதிய தேதியைத் தவணைக் கணக்கில் சொல்லச் சொன்னேன்.

தொனியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மிகைப்படுத்தும் சொற்களை வரிசையாக எடுத்துவிட்டால் கடிதம் தானே அமைதியாகும். "இரவு பகல் பாராமல்", "பெரும் சிரமம்", "மனப்பூர்வமாக" மூன்றையும் அடித்தேன். "பதற்றப்பட வேண்டாம்" என்பதை இப்படிப்பட்ட கடிதத்தில் எழுதவே கூடாது. அதுவரை நிதானமாகப் படித்தவரும் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அங்கேதான் யோசிக்கத் தொடங்குவார். "தள்ளிப்போகிறது" என்பதை "தள்ளிவைக்கிறோம்" என்று மாற்றியதில் பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாகிவிட்டது. வருத்தம் ஒரே இடத்தில், செயலாளருக்குக் கூடுதல் வேலை வருகிற இடத்தில் இருந்தால் போதும்.

திருத்திய பிறகு போன கடிதம்:

"செயலாளர்களுக்கு வணக்கம். ஆகஸ்ட் 21 முதல் 31 வரையிலான பால் பணம் செப்டம்பர் 3, புதன்கிழமை, வழக்கம்போல் சங்கத்திலேயே வழங்கப்படும். செப்டம்பர் 1 முதல் 10 வரையிலான பணமும் அப்படியே. வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்துவதை மட்டும் இரண்டு தவணை தள்ளிவைக்கிறோம். செப்டம்பர் 11 முதல் 20 வரை ஊற்றும் பாலுக்கான பணம் செப்டம்பர் 23, செவ்வாய்க்கிழமை, கணக்கில் செலுத்தப்படும்.

காரணம்: ஆகஸ்ட் 18 அன்று நடந்த சோதனையில் 2,140 உறுப்பினர்களில் 312 பேரின் ஐ.எஃப்.எஸ்.சி கோடு ஏற்கப்படவில்லை. பெரும்பாலானவை வங்கி இணைப்புக்கு முந்தைய பழைய கோடுகள். பதிவு செய்யும்போதே இதைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்பு எங்கள் திரையில் இல்லை. இப்போது சேர்த்துவிட்டோம்.

உங்கள் சங்கத்தில் திருத்த வேண்டிய பெயர்கள் இணைப்பில் உள்ளன. புதிய கோட்டை வங்கிக் கிளையில் கேட்டு, ஆகஸ்ட் 30, சனிக்கிழமைக்குள் அனுப்புங்கள். ஓண நேரத்தில் இந்தக் கூடுதல் வேலை தருவதற்கு வருந்துகிறோம். அதற்குள் வராத பெயர்களுக்கு மட்டும் அந்தத் தவணையும் சங்கத்திலேயே வழங்கப்படும், மற்றவர்களுக்குத் தேதி மாறாது. நிலவரத்தைச் செப்டம்பர் 10, புதன்கிழமை மீண்டும் தெரிவிப்போம்."

வரைவைவிட இது நீளம்தான். ஆனாலும் ஒவ்வொரு பத்தியும் ஒரு கேள்விக்குப் பதில். பணம் என்ன ஆகும், ஏன் இப்படி, நான் என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையில்தான் செயலாளரும் யோசிப்பார். சில கோடுகள் வராமல் போனால் என்ன ஆகும் என்ற வாக்கியம் முக்கியமானது. நம்பிக்கை தெரிவிக்கும் சொற்கள் இருந்த இடத்தில் இப்போது நிபந்தனை இருக்கிறது. நிச்சயமில்லாத ஒன்றை நிதானமாகச் சொல்ல அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இணைப்பைத் திறந்து பார்ப்பதும் இந்த வேலையில் அடக்கம். முதலில் வைத்திருந்த கோப்பில் 312 பேரின் பெயரும் முழுக் கணக்கு எண்ணும் எல்லாச் சங்கங்களுக்கும் போகும்படி இருந்தது. சங்கத்துக்கு ஒரு கோப்பாகப் பிரித்து, உறுப்பினர் எண்ணும் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் மட்டும் வைக்கச் சொன்னேன். கடிதத்தை எவ்வளவு திருத்தினாலும், அந்தக் கோப்பு அப்படியே போயிருந்தால் தாமதத்தைவிடப் பெரிய பிரச்சினை ஆகியிருக்கும்.

பக்கத்து ஊர்ச் சங்கங்களுக்கு இதே அறிவிப்பு மலையாளத்திலும் போனது. மலையாளப் பிரதியை எழுதியவர் வேறொருவர். இரண்டையும் பக்கத்தில் வைத்து எண்களையும் தேதிகளையும் கிழமைகளையும் மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒப்பிட்டோம். தமிழில் 23 என்று திருத்தியது அங்கே 15ஆகவே நின்றிருந்தது. கடைசி நேரத் திருத்தம் ஒரு மொழியில் மட்டும் ஏறுவது இந்த எல்லைப் பக்கத்தில் அடிக்கடி நடக்கும். அதனால் அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் இந்த ஒப்பீட்டை மட்டும் இருவர் சேர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கச் செய்வது நல்லது.

செப்டம்பர் 10 அறிவிப்புக்கான இடத்தையும் அன்றே தயார் செய்துவிட்டோம். எத்தனை கோடுகள் வந்தன, எத்தனை பாக்கி, 23ஆம் தேதி நிற்கிறதா என்று மூன்றே வரி. எதுவும் மாறாவிட்டாலும் அது போயாக வேண்டும் என்று குழுத் தலைவர் தன் காலண்டரில் குறித்துக்கொண்டார்.