அடமானத்தைத் தாமதமாகச் சொன்ன விற்பனையாளரிடம் தீர்வுச் சான்று கேட்டு எழுதுதல்

கிரைய ஒப்பந்தம் எழுதி, முன்பணமும் கொடுத்து, பத்திரப்பதிவுக்கு இரண்டு வாரமே இருக்கும்போது, “வீட்டின் மேல் ஒரு பேங்க் லோன் இருக்கிறது, கிரையத்தன்று கட்டி முடித்துவிடலாம்” என்று விற்பவர் சொன்னால், வாங்குபவர் உடனடியாகச் செய்ய வேண்டியது அவருக்கு எழுத்து மூலம் ஒரு கடிதம் அனுப்புவதுதான். தொலைபேசியில் பேசி முடித்துக்கொள்ளும் விஷயம் இதுவல்ல. அடமானம் இருப்பது எந்தத் தேதியில் நமக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதே பின்னர் வழக்கின் அடிப்படையாக மாறக்கூடும்.

இந்தக் கடிதத்துக்குச் சட்ட பலம் தருவது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு. விற்பவருக்குத் தெரிந்ததும், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததுமான முக்கியக் குறைபாட்டை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும் என்றும், அப்படிச் சொல்லாமல் விடுவது மோசடியாகும் என்றும் அந்தப் பிரிவு கூறுகிறது. அதே பிரிவின்படி, வில்லங்கத்தோடு விற்பதாக ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலன்றி, விற்கும் தேதியில் இருக்கும் எல்லா வில்லங்கங்களையும் தீர்த்துத் தருவது விற்பவரின் கடமை. ஆகவே, “அடமானம் இருப்பதை அறிந்து ஏற்றுக்கொள்கிறேன்” என்ற தொனியில் ஒரு வரிகூடக் கடிதத்தில் இடம்பெறக் கூடாது. “இப்போதுதான் தெரிவிக்கப்பட்டது” என்று எழுதினால் போதும்.

முன்பே எடுத்த வில்லங்கச் சான்றில் இது ஏன் வரவில்லை என்று பலர் கேட்கிறார்கள். பதிவு செய்யப்பட்ட ஆவணங்கள் மட்டுமே ஈசி எனப்படும் அந்தச் சான்றில் வரும். உரிமைப் பத்திரங்களைக் கடன் கொடுப்பவரிடம் வெறுமனே ஒப்படைத்துப் பெறும் கடனுக்குப் பதிவு கட்டாயமில்லை. வங்கிகள் பெரும்பாலும் ஒப்படைப்புக் குறிப்பாணை எழுதிப் பதிவு செய்துகொள்கின்றன, ஆனால் பதிவு செய்யாமல் பத்திரத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் நிதி நிறுவனங்களும் தனிநபர்களும் உண்டு. ஒப்பந்தம் போடும் நாளில் மூலப்பத்திரத்தின் அசலைக் கேட்டபோது விற்பவர் நகல் மட்டும் காட்டியிருந்தால், அங்கேயே சந்தேகம் தொடங்கியிருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 48 லட்ச ரூபாய்க்குப் பேசி, 5 லட்சம் முன்பணம் கொடுத்து, மூன்று மாதத்தில் கிரையம் என்று ஒப்பந்தம் எழுதிய ஒருவரிடம், பத்தாவது வாரத்தில் 14 லட்சம் கடன் பாக்கி இருப்பதாக விற்பவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவர் எழுதும் கடிதம் இப்படி அமையலாம்:

“ஐயா, மேற்படி சொத்து தொடர்பாக நமக்குள் எழுதப்பட்ட கிரைய ஒப்பந்தத்தில், சொத்து எவ்வித வில்லங்கமும் இல்லாதது என்று தாங்கள் உறுதி கூறியுள்ளீர்கள். அந்த உறுதியை நம்பி ரூ.5,00,000 முன்பணம் செலுத்தியுள்ளேன். இச்சொத்தின் பேரில் அடமானக் கடன் நிலுவையில் இருப்பதைத் தாங்கள் இம்மாதம் 14-ஆம் தேதிதான் முதல்முறையாக எனக்குத் தெரிவித்தீர்கள். கடன் கொடுத்தவரின் பெயர், கடன் கணக்கு எண், அடமானம் ஏற்படுத்தப்பட்ட தேதி, ஒப்படைக்கப்பட்ட அசல் பத்திரங்களின் பட்டியல், இன்றைய நிலுவைத் தொகை ஆகியவற்றைக் கடன் கொடுத்தவரின் கடிதத்துடன் 7 நாள்களுக்குள் அனுப்புமாறு கோருகிறேன். கிரையத்துக்கு முன்பாக அடமானத்தைத் தீர்த்து, அதற்கான சான்றுகளை எனக்குக் காட்ட வேண்டும். மீதித் தொகையுடன் கிரையத்தை முடிக்க நான் தயாராக இருக்கிறேன். இத்தாமதத்துக்கு நான் பொறுப்பல்ல என்பதால், தீர்வுச் சான்று கிடைக்கும்வரை ஒப்பந்தக் காலத்தை எழுத்து மூலம் நீட்டித்துத் தர வேண்டும். இக்கடிதத்தால் என் உரிமைகள் எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.”

“தயாராக இருக்கிறேன்” என்ற வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. விட்டால், கெடு முடிந்ததும், பணம் இல்லாததால்தான் வாங்குபவர் இழுத்தடித்தார் என்று சொல்ல விற்பவருக்கு வழி ஏற்படும். கடிதத்தை விரைவு அஞ்சலில், பெற்றுக்கொண்டதற்கான சான்றுடன் அனுப்பி, நகலையும் ரசீதையும் ஒப்பந்தத்தோடு சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து, சான்றாக என்ன வந்தால் ஏற்கலாம் என்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கடன் கணக்கில் பாக்கி பூஜ்ஜியம் என்று காட்டும் கணக்கு அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தால் அது போதாது, ஏனெனில் அதே பத்திரங்கள் அதே வங்கியில் வேறொரு கடனுக்கோ, விற்பவர் இன்னொருவருக்குக் கொடுத்த ஜாமீனுக்கோ பிணையாக இருக்கலாம். கடன் நிலுவையில்லைச் சான்றில், இந்தச் சொத்தின் மேல் தங்களுக்கு வேறு எந்தக் கடனுக்காகவும் உரிமை இல்லை என்ற வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

அடமானம் பதிவு செய்யப்பட்டதாக இருந்தால், அதைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி, புதிதாக எடுக்கும் ஈசியில் அடமானப் பதிவுக்குப் பின்னால் ஒரு தனிப் பதிவாக வர வேண்டும். பதிவு செய்யப்படாத ஒப்படைப்பாக இருந்தால் ஈசியில் பார்க்க ஒன்றும் இருக்காது. அப்போது கடன் கொடுத்தவரின் கடிதமும், திரும்ப வந்த அசல் பத்திரங்களுமே ஆதாரம். அந்தப் பத்திரங்களை வாங்கி, ஆவண எண், ஆண்டு, பக்க எண்ணிக்கை, சார்பதிவாளரின் முத்திரை, கையொப்பம், விரல் ரேகை ஆகியவற்றைப் பதிவுத் துறையிலிருந்து பெற்ற சான்றிட்ட நகலோடு பக்கம் பக்கமாக ஒப்பிட வேண்டும். கலர் ஜெராக்ஸை அசல் என்று கொடுத்தால் இந்த ஒப்பிடலில்தான் தெரியவரும். இவற்றோடு, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பிணை உரிமைகளைப் பதியும் மத்தியப் பதிவகமான செர்சாயின் தளத்தில் (cersai.org.in) சிறு கட்டணம் செலுத்திச் சொத்தின் பேரில் தேடி, அடமானம் தீர்ந்ததாகக் காட்டுகிறதா என்று பார்க்கலாம். தனிநபர் கொடுத்த கடன் அங்கே இருக்காது.

விற்பவரிடம் கடனை அடைக்கப் பணமே இல்லை, நம் பணத்தால்தான் அடைக்க வேண்டும் என்ற நிலையே நடைமுறையில் அதிகம். வில்லங்கமற்ற விற்பனையாகப் பேசியிருந்தால், வில்லங்கத் தொகையைக் கிரையத் தொகையிலிருந்து பிடித்து, உரியவருக்கு நேரடியாகச் செலுத்தும் உரிமையை 55-ஆவது பிரிவே வாங்குபவருக்குத் தருகிறது. நம் எடுத்துக்காட்டில் 14 லட்சத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், வங்கி எழுத்தில் தந்த நிலுவைத் தொகைக்கு, கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, வங்கியின் பெயரிலேயே டிடி எடுத்துக் கொடுக்க வேண்டும். பணம் வந்ததும் அசல் பத்திரங்களை எத்தனை நாளில் தருவோம் என்பதையும் வங்கியிடம் முன்கூட்டியே கடிதமாக வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் 2023 செப்டம்பர் 13 அன்று ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவு உதவும். வீட்டுக் கடன் உள்ளிட்ட தனிநபர் கடன்கள் முழுமையாக அடைக்கப்பட்ட 30 நாள்களுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தந்து, பதிவு செய்த பிணை உரிமையையும் நீக்க வேண்டும். கடன் கொடுத்த நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அது கூறுகிறது. இந்த இழப்பீடு கடன் வாங்கியவருக்கு உரியது, வீடு வாங்குபவருக்கு அல்ல. தொழிலுக்காக வீட்டை வைத்து வாங்கிய கடனுக்கும் இந்த உத்தரவு பொருந்தாது. எனவே, எதற்காக வாங்கிய கடன் என்பதையும் விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கடிதத்துக்குப் பதிலே வராவிட்டால், மீதித் தொகையில் ஒரு ரூபாயும் கொடுக்காமல் வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு, கிரையத்துக்குக் குறித்த தேதியிலிருந்து மூன்றாண்டுகள் காலவரம்பு. முன்பணத்தையும் வட்டியையும் அந்தச் சொத்திலிருந்தே வசூலித்துக்கொள்ளும் பற்றுரிமை வாங்குபவருக்கு உண்டு. ஆனால் அந்த உரிமை விற்பவரின் பங்கின் மேல் மட்டுமே நிற்பதால், ஏற்கெனவே உள்ள அடமானம் தீர்ந்த பிறகு மிஞ்சுவதிலிருந்துதான் அது கிடைக்கும்.