ஏழு இணைப்புச்சொல்லும் மாமாவின் வயலும்

கிளிநொச்சிப் பக்கம் சாதாரணதரப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிற எனக்கு, கட்டுரைக் கொப்பிகள் திருத்தத் தொடங்கினால் சிவப்புப் பேனை முதலில் போய் நிற்கிற சொல் 'மேலும்'. பிழை என்று வெட்டுவதில்லை. வெட்டிவிட்டு வாசித்துப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லையே என்றுதான் வெட்டுகிறேன். போன மாதம் ஒரு பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ், மேலும், எனவே எல்லாம் போட்டால்தான் மாக்ஸ் வரும் எண்டு முந்திச் சொல்லித் தந்தவை, நீங்கள் எல்லாத்தையும் வெட்டிப்போட்டியள்" என்றாள். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் நீட்டி இங்கே எழுதுகிறேன்.

அவள் எழுதியது இது:

"எமது கிராமத்தில் ஒரு குளம் உள்ளது. மேலும் இக்குளம் மிகவும் பழமையானது. மேலும் மாரி காலத்தில் இக்குளம் நிரம்பி வழியும். எனவே சிறுபோகத்துக்கு இக்குளத்து நீரே பயன்படுகின்றது. ஆனால் சென்ற ஆண்டு மழை குறைவாக இருந்தது. ஆகவே குளம் நிரம்பவில்லை. எனினும் பத்து ஏக்கரில் மட்டும் சிறுபோகம் செய்யப்பட்டது. அத்துடன் எனது மாமாவின் வயலும் விதைக்கப்படவில்லை."

எட்டு வசனம், ஏழு இணைப்புச்சொல். முதலாவது வசனத்துக்கு முன்னால் போட இடமில்லாததால் அது மட்டும் தப்பிவிட்டது.

இணைப்புச்சொல்லைப் பசை என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. இரண்டு வசனத்தை அது ஒட்டுவதில்லை. வாசிக்கிறவருக்கு அது ஒரு கட்டளை: 'இனி வருவதை முன்னால் வந்ததற்குக் காரணமாக எடு', 'இனி வருவது நீ எதிர்பார்த்ததற்கு மாறாக இருக்கும்', இப்படி. வாசிக்கிறவர் தானாகவே அப்படித்தான் எடுத்திருப்பார் என்றால் கட்டளை வீண். அவர் வேறு மாதிரி எடுத்திருப்பார் என்றால் அந்த ஒரு சொல் இல்லாமல் பத்தியே கவிழ்ந்துவிடும்.

அப்படியானால் வசனங்களை உண்மையில் ஒட்டுவது எது? 1974இல் ஹாவிலண்ட், கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். ஆட்களுக்கு இரண்டிரண்டு வசனமாகக் காட்டி, இரண்டாவது வசனம் விளங்கியதும் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார்கள். ஒரு சோடியில் முதல் வசனம் காரின் பின்பெட்டியிலிருந்து பியர் எடுத்ததைச் சொல்லும், இரண்டாவது 'பியர் சூடாக இருந்தது' என்று வரும். மற்றச் சோடியில் முதல் வசனம் சுற்றுலாவுக்குக் கொண்டுபோன சாமான்களைச் சரிபார்த்ததை மட்டும் சொல்லும், இரண்டாவது அதே 'பியர் சூடாக இருந்தது'. இரண்டாம் சோடியில் ஆட்களுக்குக் கூடுதல் நேரம் எடுத்தது, ஐந்தில் ஒரு விநாடிக்குக் கிட்ட. சாமான்களுக்குள் பியரும் இருந்திருக்கும் என்று தலைக்குள் ஒரு பாலம் போட்ட பிறகுதான் அந்த வசனத்துக்குள் போக முடிந்தது. கவனியுங்கள், இரண்டு சோடியிலும் ஒரு இணைப்புச்சொல்கூட இல்லை. முன்னால் வந்த ஒன்றைப் பின்னால் வருகிற வசனம் கையில் பிடித்துக்கொண்டு வருகிறதா என்பதுதான் வித்தியாசம்.

தெரிந்ததில் தொடங்கிப் புதிதில் முடிப்பது என்று இதைச் சொல்லலாம். 'குளம்' என்று ஒன்றை வைத்துவிட்டால் அடுத்த வசனம் 'அது' என்றோ 'அந்த நீர்' என்றோ தொடங்கலாம். ஒட்டு அங்கேயே விழுந்துவிட்டது. பிறகு 'மேலும்' என்ன செய்யப்போகிறது?

அந்தக் கொப்பிக்குத் திரும்புவோம். முதல் இரண்டு வசனத்தையும் பிரித்து வைக்கவே தேவையில்லை, 'மிகப் பழைய குளம் ஒன்று உள்ளது' என்றால் முடிந்தது. மாரியில் நிரம்புவது அதே குளம்தான், 'அது' போதும். நாலாவது வசனத்தில் உள்ள 'எனவே' கொஞ்சம் சுவாரசியமானது. நிரம்பி வழிகிறது, *எனவே* சிறுபோகத்துக்கு அந்த நீரே பயன்படுகிறதா? இல்லை. சிறுபோக காலத்தில் மழையை நம்ப முடியாது, அதனால்தான் தேங்கிய நீர் தேவைப்படுகிறது. அவள் எழுதாமல் விட்டது அந்தக் காரணத்தைத்தான், அது இருக்கவேண்டிய இடத்தில் 'எனவே' குந்தியிருக்கிறது. நான் பார்த்த 'எனவே'களில் நிறையப் பேருக்கு இந்த வருத்தம்: உண்மையான காரணம் எழுதுகிறவரின் தலைக்குள்ளேயே நின்றுவிடும், முடிவு மட்டும் தாளுக்கு வரும். ஒரு 'எனவே'யைச் சந்தேகித்தால் அதைத் தூக்கிவிட்டு 'ஏன்?' என்று கேட்டுப் பாருங்கள். பதில் முந்திய வசனத்தில் இல்லையென்றால் எழுதவேண்டியது அந்தப் பதிலை.

ஐந்தாவதில் வருகிற 'ஆனால்' நல்ல 'ஆனால்'. அதுவரை நிரம்புகிற குளத்தைப் பற்றிப் பேசிவிட்டு நிரம்பாத ஆண்டுக்குத் திரும்புகிறோம், திருப்பத்தில் ஒரு கைகாட்டி வேண்டும். அடுத்துள்ள 'ஆகவே' வேண்டாம். மழை குறைவு, குளம் நிரம்பவில்லை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே காரணகாரியம் தானாக விளங்கும். மனிசர் வாசிக்கும்போது பொதுவாகக் கதை நேராகப் போகிறது, பக்கத்தில் வைத்தவை ஒன்றுக்கொன்று காரணம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் நேராகப் போகிற இடங்களில் 'மேலும்', 'ஆகவே' இல்லாமல் சமாளிக்கலாம், திரும்புகிற இடத்தில் 'ஆனால்' இல்லாமல் சமாளிப்பது கடினம்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஜோன் மரே என்ற ஆய்வாளர் 1997இல் பொருந்தாத இடங்களில் இணைப்புச்சொற்களைப் போட்டு வாசிப்பு நேரத்தை அளந்து பார்த்தார். ஆகக் கூடுதலாக வாசிப்பைக் குழப்பியவை 'ஆனால்', 'எனினும்' வகையைச் சேர்ந்தவை. சும்மா கிடக்கிற 'மேலும்' சலிப்பைத் தரும், பிழையான 'எனினும்' ஆளை வேறு ஒழுங்கைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

ஏழாவது வசனத்தில் நடந்தது சரியாக அதுதான். 'குளம் நிரம்பவில்லை. எனினும்' என்றவுடன் நான் ஒரு நல்ல செய்திக்குத் தயாராகிறேன், எப்படியோ சமாளித்து விதைத்துவிட்டார்கள் என்று. 'பத்து ஏக்கரில்' வரை அந்த நினைப்பு நிற்கிறது. உடனே 'மட்டும்' வந்து பின்னுக்கு இழுக்கிறது. ஒரே வசனத்தில் இரண்டு மாடு இரண்டு பக்கம். இதில் எது சரி என்று இலக்கணம் சொல்லாது, எழுதுகிறவர்தான் சொல்லவேண்டும். தண்ணீர் இல்லாமலும் பத்து ஏக்கர் செய்தோம் என்ற பெருமையா, பத்து ஏக்கர்தான் செய்ய முடிந்தது என்ற கவலையா? அவளிடம் கேட்டேன். "மாமா பாவம் மிஸ்" என்றாள். சரி, அப்போது 'மட்டும்' இருக்கட்டும், 'எனினும்' போகட்டும்.

இந்த வகைச் சொற்களில் ஒழுங்கும் பேசும். 'நெல் நல்லாய் விளைந்தது, ஆனால் விலை இல்லை' என்று சொல்கிற கமக்காரர் கவலையில் இருக்கிறார். 'விலை இல்லை, ஆனால் நெல் நல்லாய் விளைந்தது' என்கிறவர் அடுத்த போகத்துக்கும் விதைக்கப் போகிறார். செய்தி ஒன்றுதான். 'ஆனால்' தனக்குப் பின்னால் வருவதற்குத்தான் பாரம் ஏற்றும்.

கடைசி வசனம் தமிழுக்கே உரிய சிக்கல். 'அத்துடன் எனது மாமாவின் வயலும்' என்பதில் 'அத்துடன்' செய்கிற வேலையை 'வயலும்' என்பதில் உள்ள 'உம்' ஏற்கெனவே செய்துவிட்டது. தமிழில் இணைக்கிற வேலையில் பெரும்பங்கு தனிச்சொல்லில் இல்லை, சொல்லின் வாலில்தான் இருக்கிறது: உம், ஓ, தான், ஆல். 'உம்'முக்கு மட்டும் தொல்காப்பியம் எட்டுப் பொருள் சொல்கிறது. அதில் ஒன்று எச்சம், அதாவது இதைப்போல இன்னொன்றும் உண்டு என்று காட்டுவது. 'மாமாவின் வயலும் விதைக்கப்படவில்லை' என்றால் விதைக்கப்படாத இன்னொரு வயலை வாசிக்கிறவர் பின்னால் போய்த் தேடுவார். அங்கே இருப்பதோ *விதைக்கப்பட்ட* பத்து ஏக்கர். 'உம்' நீட்டிய கை காற்றில் நிற்கிறது.

வினையெச்சமும் அப்படித்தான், 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்றால் நிகழ்வின் வரிசையும் காரணமும் அந்த 'து'வுக்குள் அடங்கிவிடுகின்றன. (பெய்தது மழை, நிறைந்தது குளம், எழுவாய் மாறுவதால் 'பெய்ய' என்றுதான் வரவேண்டும், இது எச்சத் திரிபு என்று இலக்கணக்காரர் சமாதானம் சொல்வார்கள். ஊரில் யாரும் கவலைப்பட்டதில்லை.) ஆனால் எச்சத்தை ஐந்தாறு தடவை அடுக்கினால் எது காரணம், எது வெறும் வரிசை என்று தெரியாமல் போகும். அங்கே வசனத்தை முறித்து ஒரு 'அதனால்' போடுவதுதான் நல்லது.

இருவரும் இருந்து திருத்திய பிறகு வந்தது இது:

"எமது கிராமத்தில் மிகப் பழைய குளம் ஒன்று உள்ளது. மாரியில் அது நிரம்பி வழியும். அப்படித் தேங்கிய நீரைத்தான் மழையில்லாத சிறுபோகத்துக்குத் திறந்துவிடுவார்கள். ஆனால் சென்ற ஆண்டு மழை குறைவு; குளம் நிரம்பவில்லை. பத்து ஏக்கர் மட்டுமே விதைக்க முடிந்தது. அந்தப் பத்தில் மாமாவின் வயல் இல்லை."

ஏழில் ஒன்றுதான் மிச்சம். 'அது', 'அப்படி', 'அந்தப் பத்தில்' மூன்றும் மீதி வேலையைச் செய்கின்றன. அலுப்புத் தட்டாததற்குக் காரணமும் அதுதான், ஒவ்வொன்றும் பிடிப்பது வேறு வேறு பொருளை. 'மேலும்' அலுத்துப்போச்சென்று அதற்குப் பதிலாக 'அதுமட்டுமன்றி', 'இதனைத் தவிர' என்று மாற்றி மாற்றிப் போடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அது சட்டையை மாற்றுவது, ஆள் மாறவில்லை. மூன்றில் எதைப் போட்டாலும் பொருள் மாறவில்லையென்றால் அங்கே ஒன்றுமே தேவையில்லை என்று அர்த்தம். 'மேலும்' நியாயமாக வரும் இடம் ஒன்று உண்டு: ஒரு கருத்துக்குக் காரணம் சொல்லி முடித்துவிட்டீர்கள், வாசிக்கிறவரும் முடிந்தது என்று நினைக்கிறார், அப்போது அதே கருத்துக்கு இன்னொரு தனிக் காரணம் வருகிறதென்றால் போடுங்கள்.

எவ்வளவு வெட்டலாம் என்பது யார் வாசிக்கப்போகிறார் என்பதில் இருக்கிறது. 1996இல் மக்நமாராவும் கூட்டாளிகளும் ஒரே அறிவியல் பாடத்தை நிறைய இணைப்புகளோடும் குறைந்த இணைப்புகளோடும் எழுதிக் கொடுத்துப் பார்த்தார்கள். விசயம் தெரியாதவர்களுக்கு இணைப்புகள் கூடிய பாடம் உதவியது. தெரிந்தவர்களுக்கோ ஆழமாக விளங்கிக்கொள்ளும் கேள்விகளில் இணைப்புகள் குறைந்த பாடமே நல்லதாய் இருந்தது, இடைவெளிகளைத் தாங்களே நிரப்பவேண்டி வந்ததால். வன்னிக்குள் வாசிக்கிற ஒருவருக்குச் சிறுபோகம் என்றால் போதும். கொழும்பில் இருந்து திருத்துகிற ஒருவருக்கு அந்த 'மழையில்லாத' இல்லாவிட்டால் குளத்து நீர் ஏன் என்று விளங்காது. அதை நாங்கள் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தோம்.

வீட்டில் யாருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டு, கேட்கிறவர் எங்கே 'ஏன்?' என்கிறாரோ, எங்கே 'அதுதான் தெரியுமே' என்கிறாரோ, இரண்டையும் குறித்துக்கொண்டு வா என்று அனுப்பினேன். அடுத்த கிழமை வந்தாள். மாமாவுக்குத்தான் வாசித்துக் காட்டினாளாம். ஓரிடத்திலும் மறிக்காமல் கடைசிவரை கேட்டவர், "பத்து இல்லை, பன்னிரண்டு ஏக்கர்" என்றாராம்.